குளிசை தீர்ந்தால் உயிருக்கு ஆபத்து: பையில் இருக்க வேண்டிய அட்டை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நமது உறுப்பினர்களின் வீடுகளுக்குச் சந்தா வாங்கப் போகும்போது, மேசை லாச்சியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டி, "இதில என்ன எழுதிருக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கரும்புக் காணிக்குப் போகிறவர்கள், தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்களது உம்மாமார், மாமிமார். நாம் பார்த்த பல கொப்பிகளில் ஒரே மருந்தின் பெயர் மாதாமாதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது: பிரெட்னிசொலோன். எத்தனை குளிசை, எத்தனை நாளைக்கு என்பதும் இருந்தது. அந்த மருந்தைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் மட்டும் தமிழில் எங்கும் இல்லை. மூன்று நான்கு கிழமைக்கு மேல் குடித்தவர் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதே அது.

முட்டுவாதம், லூபஸ், சிறுநீரில் புரதம் போகும் நோய், தோலில் கொப்புளம் வரும் சில நோய்கள், சிலருக்கு நெஞ்சு இழுப்பு என்று பலதுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். காலையில் விரல் மடக்க முடியாமல் இருந்தவர் ஒரு கிழமையில் கத்தி பிடித்துக் கரும்பு வெட்டுவார். அதனால்தான் ஆட்கள் இதை வலிக்குளிசை என்று நினைத்துவிடுகிறார்கள். வலி இருந்தால் குடிப்பது, இல்லாவிட்டால் விடுவது என்று பழகிவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னத் தொப்பி போல அதிரீனல் சுரப்பி இருக்கிறது. அது நாள்தோறும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பைக் கொடுக்கிறது. இரத்த அழுத்தம் விழாமல் இருக்கவும் சீனி குறையாமல் இருக்கவும் அது வேண்டும். காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை என்று ஏதாவது வந்தால் நல்ல உடம்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு கோர்ட்டிசோலைச் சுரந்து சமாளிக்கும். ஒரு நாளைக்கு உடம்பு தானாகச் செய்யும் அளவு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அந்த அளவோ அதற்கு மேலோ தினமும் வந்துகொண்டிருந்தால், "இங்கே வேலை இல்லை" என்று மூளை சுரப்பிக்குச் சொல்லிவிடுகிறது. சுரப்பி சுருங்கித் தூங்கிவிடும். குளிசையை நிறுத்திய அன்றே அது விழித்துக்கொள்ளாது. சிலருக்கு மாதக்கணக்காகும், ஒரு வருசம் வரைக்கும்கூட ஆகலாம்.

இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் உலகம் படித்தது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் ஊசி போட்டார்கள். படுக்கையில் கிடந்தவர் நடந்தார். 1950இல் அந்த வேலைக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டே வருசத்தில், 1952இல், வேறொரு செய்தி மருத்துவ இதழில் வந்தது. முட்டுவாதத்துக்குப் பல மாதம் கோர்ட்டிசோன் எடுத்த இளவயதுக்காரர் ஒருவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்வதற்காக மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்து சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் விழுந்து அவர் இறந்துவிட்டார். பிரேத பரிசோதனையில் அதிரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. ஏறக்குறைய எழுபது வருசமாகியும் அதே விதமான சாவுகள் நடந்தன என்பதால்தான், இங்கிலாந்தின் சுகாதார சேவை 2020இல் ஸ்டெரொயிட் குடிக்கிறவர்களுக்கு ஓர் அவசர அட்டையைக் கொடுக்கும்படி அங்குள்ள வைத்தியர்களுக்கும் மருந்தகங்களுக்கும் அறிவித்தது. அதற்கு முன்பும் அங்கே நீல நிற அட்டை ஒன்று நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கைப்பையில் வைக்கிற சின்னத் துண்டுதான். ஆள் மயங்கிக் கிடந்தாலும் அவருக்காக அது பேசும்.

நமது ஊரில் அது எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணமாகப் பார்ப்போம். 46 வயதுப் பெண், தினக்கூலி. ஒரு வருசமாக முட்டுவாதத்துக்குக் காலையில் 5 மில்லிகிராம் குளிசை இரண்டு, மொத்தம் 10 மில்லிகிராம் குடிக்கிறார். கிளினிக் திகதி வெட்டுக்காலத்தில் வருகிறது. போனால் அன்றைய கூலி போகும், பஸ் காசும் போகும். "அடுத்த கிழமை போவம்" என்கிறார். வியாழக்கிழமையோடு குளிசை தீர்கிறது. வெள்ளி, சனியில் உடம்பு அசதி, முட்டுகளில் பழைய வலி. நோய் திரும்புகிறது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஞாயிறு காய்ச்சலும் வயிற்றோட்டமும். வழக்கமான ஆளாக இருந்தால் ஜீவனி கரைத்துக் குடித்து இரண்டு நாளில் எழும்புவார். இவருக்குச் சுரப்பி தூங்குகிறது, குளிசையும் இல்லை. வாந்தி எடுக்கிறார், வயிறு பிடித்து வலிக்கிறது, எழும்பி நின்றால் கண் இருட்டுகிறது, பேச்சு குழம்புகிறது. டெங்கோ என்று எல்லோரும் பயப்படுவார்கள். பயப்படுவதும் நியாயம், கரையோரத்தில் டெங்கு வராத வருசம் ஏது? ஆனால் டெங்குக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட வந்தவர் சொல்ல வேண்டியது இதுதான்: "இவ ஒரு வருசமா பிரெட்னிசொலோன் குடிக்கிறா, மூணு நாளாக் குடிக்கல்ல." அதைக் கேட்டால் வைத்தியர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டு, சேலைன் ஏற்றி, சீனியையும் பார்ப்பார். மருந்து விலை கூடியதல்ல, ஊசி போடுவதும் சின்ன வேலைதான். தகவல்தான் வந்து சேருவதில்லை. மகன் வேலைக்குப் போயிருப்பான், கொப்பி வீட்டில் இருக்கும், கூட வந்த அயல்வீட்டு ராத்தாவுக்கு "ஏதோ வாதக் குளிசை" என்றுதான் தெரியும். அட்டை வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நிறுத்துகிறவர்கள் எல்லோரும் கூலிக்காக மட்டும் நிறுத்துவதில்லை. முகம் வட்டமாக ஊதுகிறது, பசி கூடுகிறது, சீனி ஏறுகிறது. கலியாண வீட்டில் யாராவது "என்ன புள்ள இப்படி ஊதிப்போனாய்?" என்று கேட்டால் போதும், மறுநாள் குளிசை குப்பைக்குப் போகும். பக்கவிளைவு உண்மைதான், அதை மறைக்கத் தேவையில்லை. அளவைக் குறைக்க வேண்டும் என்றால் வைத்தியரிடம் கேளுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்தபின் மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் மெதுவாக இறக்குவதுண்டு. இதற்காக 1 மில்லிகிராம் குளிசை தனியாக இருக்கிறது. 5 மில்லிகிராமும் 1 மில்லிகிராமும் வீட்டில் ஒன்றாக இருந்தால் உறையில் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மாறிப்போனால் ஐந்து மடங்கு வித்தியாசம்.

சுகமில்லாத நாளின் விதி வேறு. காய்ச்சல் வந்தால் எல்லா மருந்தையும் நிறுத்துவது நம்மிடம் உள்ள பழக்கம். இந்தக் குளிசையில் நேர்மாறு. நிறுத்தவே கூடாது, சிலருக்குக் கூட்டவும் வேண்டும். பிரித்தானிய வழிகாட்டலில், நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுப்பவர் காய்ச்சல் இருக்கும் நாட்களில் காலை 5, மாலை 5 என்று 10 ஆக்கிக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் எடுப்பவருக்குப் பொதுவாக வழமையான அளவு போதும், ஆனால் ஒரு வேளையும் தவறக் கூடாது. உங்களுக்கான எண்ணை உங்கள் வைத்தியரே அட்டையில் எழுதித் தரவேண்டும். குளிசை குடித்துச் சற்று நேரத்தில் வாந்தியாகிவிட்டால் இன்னொரு முறை குடித்துப் பார்க்கலாம். அதுவும் வெளியே வந்தால் வீட்டில் இருக்க வேண்டாம், ஊசிக்குப் போங்கள். பல் பிடுங்கினாலும், விபத்தில் எலும்பு முறிந்தாலும், சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தாலும் முதலில் இந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

நோன்பு மாதம் பற்றியும் ஒரு சொல். காலைக் குளிசையைப் பகலில் குடிக்க முடியாது என்று முப்பது நாளும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். றமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டால் பலருக்கு ஸஹர் நேரத்துக்கு மாற்றித் தருவார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது, நோன்பு பிடிக்கவே வேண்டாம் என்று வைத்தியர் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருப்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. பகலில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் நோன்பை விட்டுக் குளிசையைக் குடிக்க வேண்டும்.

கிருமி பற்றி இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மருந்து உடம்பின் காவலைக் குறைக்கிறது, அதோடு நோயின் அடையாளத்தையும் மறைக்கிறது. பெரிய தொற்று இருந்தும் காய்ச்சல் லேசாகத்தான் காட்டும். கொப்புளிப்பான் வராத ஒருவர் வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தால், தன் உடம்பில் கொப்புளம் வரும் வரை பார்த்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும், தூங்கிக் கிடந்த காசநோய் எழும்பக்கூடும்.

அடுத்தது நமது தொழிலோடு ஒட்டியது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோல் வழியாக நுழையும் புழு ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரொங்கிலொயிடஸ் என்பார்கள். குடலில் பல வருசம் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டெரொயிட் தொடங்கினால் பெருகி உடம்பெங்கும் பரவி உயிரை எடுக்கக்கூடும். வழமையான ஒருவேளைப் புழுக்குளிசை இதற்குப் போதாது. "நான் காணியில் வெறுங்காலோடு வேலை செய்யிறனான்" என்று மருந்து தொடங்கும்போதே வைத்தியரிடம் சொன்னால், சோதித்து ஐவர்மெக்டின் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். சப்பாத்துக்காக நாம் முதலாளிமாரிடம் கேட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் முட்டுவலிக்கென்று பெயரில்லாமல் கட்டிக் கொடுக்கும் பொட்டலக் குளிசையில் ஸ்டெரொயிட் இருக்கலாம். குடித்ததும் அதிசயமாக வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். பல கிழமையாகக் குடித்திருந்தால் வீம்புக்கு உடனே நிறுத்தாதீர்கள். மிச்சப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

நமது கிளைகள் கேட்க வேண்டியவை இரண்டு. மாதக் கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது என்று தோட்ட நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அரை நாள் கூலிக்காக ஒருவர் முப்பது நாள் குளிசையை இழப்பதை நாம் ஏற்க மாட்டோம். இரண்டாவது, இந்தக் குளிசை கொடுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஓர் அட்டை. கிளினிக்கில் கிடைத்தால் நல்லது. கிடைக்கும் வரை கிளைக் காரியாலயத்தில் கீழே உள்ளதைத் தடித்த தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அளவையும் சுகமில்லாத நாளின் அளவையும் வைத்தியரைக் கொண்டு நிரப்பிக் கைச்சாத்து வாங்க வேண்டும். மருந்தை முழுதாக நிறுத்திய பின்பும் ஒரு வருசத்துக்கு அதை வீசக் கூடாது.

"நான் ஸ்டெரொயிட் மருந்து குடிக்கிறேன். பெயர், அளவு, தொடங்கிய திகதி: … இதைத் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் என் அளவு: … நான் வாந்தி எடுத்தால், மயங்கினால், விபத்தில் சிக்கினால், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் எனக்கு உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் சேலைனும் தேவைப்படலாம். வீட்டுத் தொலைபேசி: …"