ஓசையில்லாத் திரையில் ஒரு ‘முடியாது’

தைப்பிங்கில் ஒரு கிளினிக். அங்கே எண் அழைக்கப்படும்வரை சுவரில் ஓடிய ஓசையில்லாக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 செப்டம்பர் மாதம் அது. 100 வெள்ளி சாரா உதவி பற்றிய தமிழ் வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

“100 வெள்ளியை வங்கியில் ரொக்கமாக எடுக்க” என்று ஓர் அட்டை. அந்நேரம் தாதி எண்ணைக் கூப்பிட, பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். அதற்குள் அடுத்த அட்டை வந்து போய்விட்டது. அதில் ஒரே ஒரு சொல்தான்: “முடியாது.”

பாட்டி என்னிடம் கேட்டார்: “ஐயா, பேங்குக்கு எத்தன மணிக்குப் போனா கூட்டம் இருக்காது?”

அந்த வாசகத்தில் பிழை ஏதுமில்லை. அதை வெட்டிய இடம்தான் பிழை. மலாயில் ‘தீடாக்’ என்ற மறுப்புச் சொல் முன்னால் வந்துவிடும். வாசகத்தைப் பாதியில் வெட்டினாலும் மறுப்பு முதல் அட்டையிலேயே இருக்கும். தமிழில் ‘முடியாது’, ‘வேண்டாம்’, ‘இல்லை’ எல்லாம் கடைசியில் வருகின்றன. மலாய்க் காணொளியின் வெட்டுகளை அப்படியே வைத்துத் தமிழை நிரப்பினால், முதல் அட்டை நேர் எதிரான செய்தியைச் சொல்லிவிடும். குரல் இருந்தால் காது மீதியைப் பிடித்துக்கொள்ளும். ஓசையில்லாத் திரையில் அந்த வசதி கிடையாது.

விஷயம் சிக்கலானது அல்ல. பிரதமர் 2025 ஜூலை 23-இல் அறிவித்த இந்த உதவி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர் அனைவருக்கும் உரியதாக இருந்தது. பதிவு செய்யத் தேவையிருக்கவில்லை. ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, பங்கேற்கும் கடைகளில் அடையாள அட்டையைக் காட்டி, 14 வகை அத்தியாவசியப் பொருள்களை வாங்க முடிந்தது. ரொக்கமாகக் கிடைக்கவில்லை.

அன்றிரவு இதை ஐந்து அட்டைகளாக எழுதிப் பார்த்தேன்:

1. 18 வயது முதல் மலேசியர் அனைவருக்கும் 100 வெள்ளி.
2. ரொக்கம் கிடையாது. அடையாள அட்டையால் பொருள் வாங்கலாம்.
3. பதிவு தேவையில்லை. பதியச் சொல்லும் லிங்க்கைத் தொடாதீர்.
4. அரிசி, முட்டை, எண்ணெய் உட்பட 14 வகை. பங்கேற்கும் கடைகளில் மட்டும்.
5. 31.12.2025-க்குள் வாங்கி முடிக்கவும்.

ஒவ்வோர் அட்டையிலும் வாக்கியம் முடிந்துவிடுகிறது. எதைத் தனியாகப் பார்த்தாலும் தவறான பொருள் வராது. காத்திருப்பு அறைக்கு வருபவர் நடுவில் வந்து நடுவில் போவார். பேருந்தில் ஓர் அட்டையைப் பார்த்ததுமே இறங்கிவிடுவார். அதனால் “சாரா உதவி, 31.12.2025 வரை” என்ற வரியை ஐந்து அட்டைகளின் உச்சியிலும் நிரந்தரமாக வைத்தேன். கடைக்காரர் காணொளியை மாற்ற மறந்து ஜனவரியிலும் ஓடவிட்டால், காலம் கடந்துவிட்டதை அந்த வரியே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது நேரம். ஆங்கில வசனவரிக்கு, ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி என்பது பிபிசியின் கணக்கு. அதைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. ‘வாங்கிக்கொள்ளலாம்’ நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நான்கு சொற்கள் வேண்டும். ஆகவே சொற்களை எண்ணாமல், அட்டையை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்து, அந்த நேரத்தைக் கொடுத்தேன். நான்காவது அட்டைக்கு ஒன்பது வினாடி, ஐந்தாவதற்கு ஐந்து வினாடி ஆனது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்திருந்தால் நான்காவதைப் பாதியில்தான் படித்திருப்பார்கள்.

கடைசியாக எழுத்து. சில காணொளிச் செயலிகள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதில்லை. ‘வெள்ளி’ என்ற சொல்லைப் பாருங்கள்: ஒற்றைக் கொம்பு ‘வ’வுக்கு வலப்பக்கம் போயிருந்தால் அந்தச் செயலி தமிழுக்கு ஆகாது. எழுத்துகளை அங்கே தட்டாமல், சரியாகத் தெரியும் வேறொரு செயலியில் அட்டையைத் தயாரித்துப் படமாகச் சேர்த்தால் சிக்கல் தீரும்.

பிறகு ஒரு சோதனை செய்தேன். விஷயம் தெரியாத என் அத்தையை அறையின் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, காணொளியை மூன்றாவது அட்டையிலிருந்து ஓடவிட்டேன். “புரிந்ததா?” என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “நாளைக்கு என்ன செய்வீங்க, அத்தை?” என்றேன்.

“ஐசியை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போவேன். ஆனா எந்தக் கடைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான்காவது அட்டையைத் திருத்தினேன்: “உங்கள் கடையில் சாரா உண்டா என்று முதலில் கேளுங்கள்.”