நகைக் குறிப்பேட்டில் விடுபடும் ஒரு கட்டம்

2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடையின் சுவரில் துளையிட்டு ஏறத்தாழ 16 கிலோ தங்கம் களவாடப்பட்டதும், சில நாட்களில் ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைத்து வைக்கப்பட்டிருந்த அந்நகைகள் மீட்கப்பட்டதும் நம் பகுதியில் யாருக்கும் மறந்திராது. கடையில் ஒவ்வொரு நகைக்கும் எடையும் எண்ணும் எழுதிய சீட்டு உண்டு. போனது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். வீட்டு நகைக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. 2023இல் சென்னையில் இயக்குநர் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் தம் வீட்டுப் பெட்டகத்திலிருந்து சுமார் 60 பவுன் நகை காணவில்லை என்று புகார் அளித்தார். காவல்துறை மீட்டதோ சுமார் 100 பவுன். வசதியும் படிப்பும் உள்ள வீட்டின் நிலையே இதுவென்றால், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் நம் வீட்டு பீரோக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் நாம் இங்கே பேச விரும்புவது திருட்டைப் பற்றியன்று. திருடர் எவரும் நுழையாத ஒரு வீட்டில் நடந்ததைப் பற்றி.

தோல் தொழிலில் இருக்கும் குடும்பம் அது. தாயார் இறந்து நாற்பது நாட்கள்கூட ஆகவில்லை. வங்கி லாக்கரைத் திறந்து பார்த்தபோது, கல் நகைகளைக் கழித்து 320 கிராம் அளவுக்குத் தாயாருடையவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நகைகள் இருந்தன. அவற்றுடன் 64 கிராமில் நான்கு வளையல்களும் இருந்தன. அவை எப்போதோ மறைந்த மாமியார் கொடுத்தவை. "எங்கள் தாயார் அணிந்துகொள்ளத்தான் கொடுத்தார், உரிமையாக அல்ல" என்றனர் கணவரின் சகோதரிகள். "நிக்காஹ் நாளில் அன்பளிப்பாகவே கொடுத்தார்" என்றனர் பிள்ளைகள். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். சாட்சிகள் மட்டும் கப்றில் உறங்குகிறார்கள்.

கணக்கு எளிது. கடனும் வஸிய்யத்தும் ஏதுமில்லை, பெற்றோரும் உயிருடன் இல்லை என்று கொண்டால், 320 கிராமில் கணவருக்கு நான்கில் ஒரு பங்காக 80 கிராம் சேரும். எஞ்சிய 240இல் ஒரு மகனுக்கு 120, இரு மகள்களுக்குத் தலா 60. வளையல்களும் தாயாருடையவை என்றால் மொத்தம் 384. அப்போது மகள் ஒவ்வொருத்திக்கும் 72 கிராம் வரும். தாயாருடையவை அல்ல என்றால் அந்த நான்கு வளையல்களும் மாமியாரின் வாரிசுகளுக்குரியவை. அதில் அத்தைமார்களுக்கும் பங்குண்டு. மகள் ஒருத்திக்கு ஒன்றரைப் பவுன் வித்தியாசம். அதற்காக இரு குடும்பங்கள் பெருநாளிலும் பேசிக்கொள்ளாமல் இருக்கின்றன.

நகைகளை எழுதி வைப்போர் எடையை எழுதுகிறார்கள், தரத்தை எழுதுகிறார்கள், லாக்கர் எண்ணையும் எழுதுகிறார்கள். "யாருடையது, எப்படி வந்தது" என்ற கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். மஹராக வந்ததா, பெற்றோர் போட்டதா, கணவர் அன்பளிப்பாகத் தந்ததா, மாமியார் அணியக் கொடுத்ததா என்பதை எந்தத் தராசும் சொல்லாது.

மற்றக் கட்டங்களிலும் கவனம் வேண்டும். எடையை இரண்டாக எழுதுவதே சரி. ஓர் ஆரம் தராசில் 41.200 கிராம் காட்டுகிறது. ரசீதில் கல் எடை 3.450 என்று உள்ளது. நிகரத் தங்கம் 37.750 கிராம். பங்கு பிரிக்கவும் ஜகாத் கணக்கிடவும் உதவுவது இந்த நிகர எடை. ஆனால் நகை அதேதானா, அதிலிருந்து ஏதும் குறைந்திருக்கிறதா என்று பின்னாளில் சோதிக்க உதவுவது மொத்த எடைதான். அதை யாரும் மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம். நிகர எடையில் எப்போதும் ஒரு மதிப்பீடு கலந்திருக்கும். அரக்கு நிரப்பிய பழைய நகைகளிலும் கருகமணியிலும் இந்த மதிப்பீடு பெரிதாகவே தவறக்கூடும். ஜிமிக்கியைத் திருகாணியுடன் ஜோடியாக நிறுத்து, "ஜோடி" என்றே எழுத வேண்டும். தராசின் எண்கள் தெரியும்படி நகையைத் தட்டில் வைத்தே படமெடுத்துவிட்டால் வர்ணனையில் பாதி வேலை முடிந்துவிடும்.

தரத்திற்கு, 2021க்குப் பின் வாங்கிய நகையாயின் பிஐஎஸ் முத்திரையும் 22K916 என்ற குறியும் ஆறு எழுத்தெண்கள் கொண்ட HUID அடையாளமும் பெரும்பாலும் இருக்கும். 2023 ஏப்ரல் முதல் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அந்த ஆறையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு, BIS Care செயலியில் இட்டால் நகையின் வகையும் தரமும் தெரியும். உரிமையாளர் பெயர் அதில் இராது. பழைய நகையில் உள்ள கேடிஎம் என்ற குறி பற்றவைத்த முறையைச் சொல்வதேயன்றித் தரத்திற்குச் சான்றன்று. அவற்றுக்கு "22 காரட் என்று சொல்லப்பட்டது, சோதிக்கவில்லை" என்று எழுதுவதே நேர்மை. கடைகளில் உள்ள காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

ஜகாத்திலும் அதே உரிமைக் கட்டம் வந்து நிற்கிறது. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ வழியினர் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். நிஸாப் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம். இது ஆளுக்கு ஆள் தனித்தனியே பார்க்க வேண்டியது, வீட்டுக்கு மொத்தமாக அன்று. மாமியாரின் நகையும் மருமகளின் நகையும் ஒரே பெட்டியில் ஒரே கணக்காகக் கிடக்கும் வீட்டில், யார் மீது கடமை என்பதே தெரியாது.

தோல் தொழில் செய்வோருக்கு இன்னொன்றும் உண்டு. ஏற்றுமதிப் பணம் வரத் தாமதமாகும்போது, பச்சைத் தோல் வாங்க மனைவியின் நகைதான் முதலில் வங்கிக்குப் போகிறது. அடகுச் சீட்டில் "ஆரம் 1" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கல்லுக்கு வங்கி தாராளமாகக் கழிப்பதால் அங்குள்ள நிகர எடை நம் ஏட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்காகப் பதற வேண்டாம். மீட்கும்போது மொத்த எடை பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். போன தேதி, மீண்ட தேதி, எடை மூன்றையும் எழுதுக. அத்துடன், மனைவி அதைக் கடனாகக் கொடுத்தாரா, விட்டுக்கொடுத்தாரா என்பதை அவர் வாயால் கேட்டு அன்றே எழுதுக. மீளாமல் ஏலம் போன நகை கடனாகக் கொடுக்கப்பட்டிருந்தால், அது கணவரின் சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டிய கடன்.

லாக்கருக்கு வங்கி, கிளை, எண், யார் பெயரில், யார் நாமினி என்பவை போதும். சாவி இருக்குமிடம் அதே ஏட்டில் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாடகை 3,000 ரூபாயானால் மூன்று லட்சம். நாமினியும் பெற்றுக்கொள்பவரே தவிர, வாரிசுகளின் பங்கை விழுங்கும் உரிமை உடையவர் அல்லர். லாக்கர் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதே நகை என்றும் ஆகிவிடாது. கணவர் பெயரில் லாக்கரும் மனைவியின் நகையும் என்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம்.

இந்த ஏட்டை லாக்கருக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள்; திறக்க முடியாத நாளில்தான் அது தேவைப்படும். ஒரு பிரதி நகைக்குரியவரிடமும், ஒன்று மகளிடமோ நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் நகைக்குரியவரும் கொடுத்தவரும் கையொப்பமிட்டால் நல்லது. மாமியார் உயிருடன் இருக்கும் வீடுகளில், "இந்த வளையல் அணியத் தந்ததா, கொடுத்தே விட்டதா?" என்று மருமகள் கேட்பது அடக்கமின்மை என்று எண்ணுகிறோம். ஆகவே மருமகளைக் கேட்க வைக்காமல், மகனே தன் தாயாரிடம் ரமளான் ஜகாத் கணக்கின்போது கேட்டு எழுதிவிடலாம்.