"ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியது யார்?

ஏப்ரல் 14 ஊர்வலம் முடிந்ததும் திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் நின்று ஒரு குழுப்படம் எடுத்தோம். நாற்பது பேர் இருப்போம். அன்று இரவே கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் அதை ஒரு புகைப்படச் செயலியில் ஏற்றி, எல்லோரையும் ஓவியமாக மாற்றி வாட்ஸப் குழுவில் போட்டார். ஆளாளுக்கு இதயம் விட்டோம். மறுநாள் ஓர் அக்கா மட்டும் கேட்டார்: "என் முகத்தை அங்கே கொடுக்க என்கிட்ட யாருப்பா கேட்டீங்க?" அவர் ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி. ஊரைவிட்டு வந்து வேறு இடத்தில் குடியிருக்கிறார். ஒரு முகத்தைக் கொடுத்தால் இணையத்தில் அதே முகம் உள்ள மற்றப் படங்களைத் தேடித் தரும் தளங்கள் காசுக்குக் கிடைக்கும் காலம் இது.

தம்பி கெட்டவர் இல்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று திரையில் வந்தது, அழுத்தினார். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒருவர் அழுத்திய அந்தப் பொத்தானைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

படத்தை அழித்தால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் படத்தைப் படமாக வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒரு முகத்தை நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. அடுத்த படத்தில் வரும் முகத்தையும் அப்படியே எண்ணாக்கி, இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறது. படம் அழிந்த பிறகும் அந்த எண் வரிசை இருக்கலாம். அந்தப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருளும் இருக்கலாம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008-இல் உடல் அடையாளத் தரவுக்குத் தனிச் சட்டம் போட்டதே இதனால்தான். விரல்ரேகை வைத்துப் பணம் கட்டும் வசதி நடத்திய ஒரு நிறுவனம் திவாலானது. மக்கள் கொடுத்த ரேகைகளும் சொத்தோடு சொத்தாக விலைக்குப் போகுமோ என்ற பயம் வந்தது. எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எடுத்தால், பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் போய் இழப்பீடு கேட்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

சட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 'எவர்' என்ற செயலியின் கதை போதும். கைப்பேசிப் படங்களைச் சேமித்து அடுக்கி வைக்கும் செயலி அது. 2017-இல் படங்களில் உள்ள நண்பர்களை முகம் பார்த்துப் பிரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. யாரையும் கேட்காமல் அந்த வசதி எல்லோருக்கும் தானாகவே இயங்கியது. 2018 மே மாதம் சிலரிடம் மட்டும் "வேண்டுமா?" என்று கேட்கத் தொடங்கியது. யாரிடம்? இல்லினாய், டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலங்களில் இருந்தவர்களிடமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவர்களிடமும். அதாவது, கேட்காவிட்டால் சட்டம் கடிக்கும் இடங்களில். மற்றவர்களைக் கேட்க 2019 ஏப்ரல் ஆனது. செயலி ஒன்றுதான், பொத்தானும் ஒன்றுதான். சட்டம் உள்ள ஊரில் மனிதனுக்கு மரியாதை, இல்லாத ஊரில் கிடையாது. ஊர்த்தெருவுக்கு ஒரு நியாயம், காலனிக்கு ஒரு நியாயம் என்று வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன?

இதற்கிடையே அந்த நிறுவனம் பயனர்களின் படங்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களை வெட்டி எடுத்து, முக அடையாள மென்பொருளைப் பழக்கி, அதை வேறு நிறுவனங்களுக்கு விற்கும் தொழிலில் இறங்கியிருந்தது. கணக்கை மூடினால் படங்களை அழித்துவிடுவோம் என்று சொன்னது, அழிக்கவில்லை. 2021-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் போட்ட உத்தரவில் அபராதம் இல்லை. ஆனால் அதைவிடக் கனமான ஒன்று இருந்தது. மூடிய கணக்குகளின் படங்களை மட்டுமல்ல, ஒப்புதல் இல்லாமல் எடுத்த முக எண்களையும் அந்தப் படங்களால் பழக்கிய மென்பொருளையும் அழிக்கச் சொன்னார்கள். திருடிய நெல்லை மட்டுமல்ல, அதில் ஆக்கிய சோற்றையும் கொட்டு என்பது போல.

ஆனால் கேட்டுவிட்டால் மட்டும் அது ஒப்புதல் ஆகிவிடுமா? ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரின் பள்ளி ஒன்று 22 மாணவர்களுக்கு முகம் பார்த்து வருகை பதிவு செய்து பார்த்தது. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தது. ஆனாலும் 2019-இல் அந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளியைச் சார்ந்திருக்கும் பிள்ளை 'மாட்டேன்' என்று சுதந்திரமாகச் சொல்ல முடியாது, ஆகவே அந்த ஒப்புதல் செல்லாது என்றது. மறுத்தால் எதுவும் பறிபோகாது என்ற நிலையில் சொல்லும் 'சரி'தான் சம்மதம்.

இதை அப்படியே நம் அங்கன்வாடிக்குக் கொண்டு வந்து பாருங்கள். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுப் பொருளுக்கு முகப் பதிவைக் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. கருவுற்ற ஒரு பெண் "என் முகத்தைத் தரமாட்டேன், சத்துமாவைக் கொடுங்கள்" என்று சொல்ல முடியுமா? 2023-இல் வந்த இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஒப்புதல் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று அழகாக எழுதியிருக்கிறது. அடுத்த பிரிவே, மானியமும் நலத்திட்டமும் தரும் அரசுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்கிறது. மானியத்தை நம்பிப் பிழைப்பவர்கள் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்தைத் தனிப் பாதுகாப்புள்ள தரவு என்றும் அந்தச் சட்டம் பிரிக்கவில்லை. ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட படத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவதோ 2027 மே மாதத்தில்தான்.

"அரசிடம் இருந்தால் பத்திரம்தானே" என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்தார்.

நம் பக்கத்து மண்ணுக்கு இது பழைய கதை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பகுதியில் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். கைரேகை தர மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் சுடப்பட்டார்கள். அவர்களோடு நமக்குக் கணக்குகள் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்தி, உடம்பின் அடையாளத்தைக் கேட்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும் அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிடக் கிட்டத்தில் சாட்சி இல்லை.

செயலிக்காரர்களிடம் கேட்க நமக்குக் கேள்விகள் இருக்கின்றன. முகத்தை எண்ணாக்குகிறீர்களா? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்துவீர்களா? படத்தில் இருக்கும், ஆனால் உங்கள் செயலியே இல்லாத அந்த அக்காவின் ஒப்புதலை எப்படி வாங்கினீர்கள்? நம் தம்பி பயன்படுத்திய செயலியின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தோம். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒரு வரியில் வழி செய்திருக்கிறார்கள்: படத்தில் உள்ள எல்லோருடைய அனுமதியும் உங்களிடம் இருப்பதாக நீங்கள் உறுதியளிக்கிறீர்கள். பழி நம் தலையில், முகம் அவர்கள் கையில்.

அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். கணக்கு மூடப்பட்டது என்று ஒரு பதில் வந்தது. எண் வரிசையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை, திரும்பவும் எழுதியிருக்கிறோம். இனி போராட்டப் படங்களைப் பின்னாலிருந்து, கொடியும் பதாகையும் தெரிய எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முகம் தெரிய வேண்டிய படத்தில் நிற்பவர்களிடம், அது எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கைப்பேசியைத் தூக்குகிறோம். போன வாரம் அப்படிக் கேட்டபோது மூன்று பேர் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் இல்லாமல்தான் படம் எடுத்தோம்.