ஒற்றை நட்சத்திரத்தை ஏன் எடுக்கவில்லை?

"தம்பி, அதை எடுத்துடுங்க. ஒரே ஒரு விமர்சனம்தானே. எடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

மண்டபத்து அண்ணாச்சி போனில் இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. எனக்கு நல்லது சொல்வதுபோலத்தான் கேட்டார். நாங்கள் நடத்துவது ஒரு சின்ன ஊரின் கடை விவரத் தளம். சுமார் அறுநூறு பதிவுகள்: மண்டபம், கிளினிக், டியூஷன் சென்டர், பிளம்பர், டெய்லர். பதிவுக்குக் காசு கிடையாது. மேலே பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் மாதம் 1,500 ரூபாய். அண்ணாச்சி மூன்று வருடமாக அந்தப் பணத்தைக் கட்டி வருபவர்.

அவர் கேட்டதைவிட, அதற்குப் பிறகு என் நண்பர்கள் சொன்னதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. படித்தவர்கள், நாலு புத்தகம் வாசிப்பவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அந்த ஆள் சொல்றது உண்மையான்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. அப்புறம் எதுக்கு ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடணும்? சந்தேகம்னா எடுத்துடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் முழுக்கத் தப்பு. தப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அந்த மண்டபத்துக்கு இருந்தது ஆறு விமர்சனங்கள். மூன்று பேர் ஐந்து நட்சத்திரம், இரண்டு பேர் நான்கு, ஒருவர் ஒன்று. சராசரி 4.0. அந்த ஒற்றை நட்சத்திரத்தை எடுத்தால் 4.6 ஆகிவிடும். பெரிய தளத்தில் ஆயிரம் விமர்சனத்தில் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. எங்கள் தளத்தில் ஒன்றை எடுப்பது என்பது அந்த மண்டபத்தைப் பற்றி நானே புதிதாக ஒரு விமர்சனம் எழுதுவதற்குச் சமம். அதில் என் பெயரும் இருக்காது. எடுத்தது யாருக்கும் தெரியாது. அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடும் ஒரு அப்பா 4.6ஐப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பார். "எடுத்தா என்ன குறையும்" என்ற கேள்விக்குப் பதில் அவர் பையில்தான் இருக்கிறது.

சரி, உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது என்கிறார்களே? ஆமாம், தெரியாது. கல்யாணத்தன்று நான் அங்கே இல்லை. ஆனால் "நன்றாக இருந்தது, சூப்பர் சர்வீஸ்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் கல்யாணத்திலும் நான் இல்லையே! சந்தேகம் என்றால் எடுத்துவிடு என்பவர்கள் அந்த மூன்றையும் எடுக்கச் சொல்வதில்லை. திட்டுக்கு மட்டும் சாட்சி கேட்போம், புகழுக்கு வேண்டாம் என்பது விதி அல்ல, விளம்பரம்.

அதனால் நான் கேட்பது வேறு கேள்வி. இந்த ஆள் தானே அனுபவித்த ஒன்றைச் சொல்கிறாரா? எப்போது, என்ன நடந்தது என்பதை, கடைக்காரர் பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்கிறாரா? இந்த இரண்டும் இருந்தால் நிற்கும். இல்லையென்றால், நட்சத்திரம் எத்தனையாக இருந்தாலும், போகும்.

இப்போது அந்த விமர்சனத்துக்கு வருவோம். முதலில் வந்த வடிவம் இது: "ஆவணியில் தங்கச்சி கல்யாணம். கரண்ட் போனது ரெண்டு மணி நேரம், டீசலுக்கு 8,500 வாங்கினாங்க. உடைப்புக்கு வாங்கின 10,000 டெபாசிட்டில் ரெண்டு பிளாஸ்டிக் சேருக்கு 6,000 பிடிச்சாங்க. பில் கேட்டா மேனேஜர் முறைக்கிறான். திருட்டுப் பசங்க." கடைசி இரண்டு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் நடந்த சம்பவம். மாதம் இருக்கிறது, தொகை இருக்கிறது, யாருக்கு என்ன ஆனது என்பது இருக்கிறது. உரிமையாளர் மறுக்க வேண்டுமானால் எதை மறுப்பது என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் நானே வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாமே என்பார்கள். செய்யக்கூடாது. காரணம் இரண்டு. அடுத்தவர் எழுத்தில் கைவைத்து, அதை அவர் பெயரிலேயே போடுவது முறையல்ல. இரண்டாவது, சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாமல் ஒரு பாதுகாப்பைக் கொடுக்கிறது. அதில் ஒரு நிபந்தனை, உள்ளடக்கத்தைத் தளம் மாற்றக்கூடாது என்பது. விதிக்குப் புறம்பானதை முழுதாக நீக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வரியைத் திருத்தி எழுதுவதற்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. அதனால் விமர்சனத்தை நிறுத்திவைத்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பினேன்: "நடந்ததைச் சொல்லுங்கள், பட்டம் கொடுக்காதீர்கள். ரசீது இருந்தால் எனக்கு மட்டும் காட்டுங்கள், வெளியிட மாட்டேன்." மறுநாளே ரசீதின் படம் வந்தது. 'திருட்டுப் பசங்க' போய், "கேட்டதற்குப் பில் தரவில்லை" என்று திருத்தி எழுதியிருந்தார். போட்டேன்.

ரெண்டு மணி நேரத்துக்கு 8,500 ரூபாய் டீசல் என்றால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருக்கும் எவனுக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதை நான் விமர்சனத்தின் கீழே எழுதவில்லை. அந்தக் கணக்கைப் போட வேண்டியது வாசிப்பவர். பதில் சொல்ல வேண்டியது அண்ணாச்சி.

இதையெல்லாம் ஏதோ தவறே செய்யாதவன் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு மண்டபத்தைப் பற்றி ஒரு கடுமையான விமர்சனம் வந்தது. "போன வாரம் எங்கள் வீட்டுக் கல்யாணம்" என்று ஆரம்பித்தது. வந்தது ஆடி மாதம். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? போட்டி மண்டபக்காரன் வேலை என்று முடிவுகட்டி, ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கினேன். அப்படிக் கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தார். சர்ச்சில் திருமணம், மண்டபத்தில் வரவேற்பு. "எங்களுக்கு ஆடி, மார்கழி எல்லாம் கிடையாது சார், அது கூடவா உங்களுக்குத் தெரியாது?" என்றார். தெரியும். என் வகுப்பில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். ஆனால் நீக்கும் பொத்தானை அழுத்தும்போது என் மனதில் இருந்த 'ஊர்' என் வீட்டு நாட்காட்டியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: சந்தேகம் வந்தால் நீக்குவதில்லை, எழுதியவரிடம் ஒரு கேள்வி அனுப்புவது. எந்தத் தேதி, எந்த ஹால், மேலே சாப்பாடா கீழே சாப்பாடா. போய் வந்தவர் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். போகாதவர் கோபப்படுவார், அல்லது பேச்சே இருக்காது. ஏழு நாள் பதில் இல்லையென்றால் எடுத்துவிடுவேன்.

இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் தளத்தில் குப்பை எங்கே இருக்கிறது என்று. ஒற்றை நட்சத்திரத்தில் இல்லை, ஐந்தில் இருக்கிறது. ஒரு டியூஷன் சென்டருக்கு இரண்டே நாளில் பத்தொன்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். பத்தொன்பதும் அந்த வாரம் தொடங்கிய கணக்குகள். வேறு எந்தக் கடைக்கும் ஒருவர்கூட எதுவும் எழுதியதில்லை. எல்லாம் மாலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள், அதாவது வகுப்பு நடக்கும் நேரத்தில், ஒரே இணைய இணைப்பிலிருந்து. பிள்ளைகளை உட்காரவைத்துப் போட வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் அங்கே படிப்பது உண்மை. ஆனால் வாத்தியார் தலைக்கு மேலே நிற்கும்போது போடும் நட்சத்திரம் எப்படி விமர்சனமாகும்? எல்லாவற்றையும் எடுத்தேன். யாருமே "ஒருத்தர் பிழைப்பு" என்று எனக்கு உபதேசம் செய்யவில்லை. அந்தத் தெருவிலேயே இன்னொரு டீச்சர், எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் சொல்லித்தருகிறார். பத்தொன்பது நட்சத்திரத்துக்கு அடியில் மூழ்கிப்போனது அவருடைய பிழைப்பு. சின்ன வியாபாரிக்காக இரங்கும் நண்பர்கள் கண்ணில் அவர் படுவதே இல்லை.

விவாதமே இல்லாமல் எடுப்பவையும் உண்டு. "சமையல் யார் செய்றாங்கன்னு தெரியுமா" என்று ஜாதியைக் கோடி காட்டுவது, கவுண்டரில் இருக்கும் பெண்ணின் பெயரையோ தோற்றத்தையோ எழுதுவது, யாருடைய போன் நம்பரையாவது போடுவது. இவற்றில் ஒன்றில் உண்மையான புகாரும் கலந்திருந்தால், புகாரை மட்டும் திரும்ப எழுதச் சொல்வேன்.

அண்ணாச்சியிடம் திரும்புகிறேன். போனுக்கு மசியவில்லை என்றதும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவதூறு, பாரதிய நியாய சம்ஹிதா 356ஆம் பிரிவு, பத்து நாளில் நீக்கவேண்டும். கவரைப் பிரித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது, மறைக்கவில்லை. என்னைப் போன்ற சின்னத் தளங்கள் இந்த இடத்தில்தான் சரிகின்றன. ஆனால் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவு: தளம் ஒன்றை நீக்கியே ஆகவேண்டும் என்றால் நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வேண்டும். ஒரு தரப்பின் நோட்டீஸ் மட்டும் போதாது. அதற்காக வழக்கே வராது என்று சொல்லவில்லை. வழக்கு வந்தால் அலைச்சல், செலவு எல்லாம் உண்டு. எழுதியவருக்கும் உண்டு. அதனால்தான் பட்டத்தை நீக்கச் சொன்னதும், ரசீதைப் பார்த்துவைத்ததும். தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து அரைப் பக்கத்தில் பதில் அனுப்பினேன்: விமர்சனம் நேரடி அனுபவம், ஆதாரம் பார்க்கப்பட்டது, உங்கள் பதிலை அதன் கீழேயே முழுதாக வெளியிடத் தயார்.

பதில் வரவில்லை, வழக்கும் வரவில்லை. விளம்பரம் போனது. வருடத்துக்கு 18,000 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. சர்வர் வாடகையே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் அந்த மண்டபத்துக்கு ஒரே நாளில் நாலு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். விசாரித்ததில் நாலு பேரும் அண்ணாச்சி மருமகனின் கூட்டாளிகள். வழக்கம்போல நாலு பேருக்கும் கேள்வி அனுப்பினேன். மூன்று பேரிடமிருந்து சத்தமே இல்லை, ஏழாம் நாள் எடுத்துவிட்டேன். நாலாமவர் பதில் போட்டார்: தை மாதம் அங்கேதான் கல்யாணம், கார் நிறுத்த இடம் தாராளம், பந்தி ஹாலில் ஃபேன் போதவில்லை, ஆனாலும் மொத்தத்தில் திருப்தி. அதையே விமர்சனத்திலும் எழுதிவிடுங்கள் என்றேன், எழுதினார். அந்த ஐந்து நட்சத்திரம் இப்போது டீசல் விமர்சனத்துக்கு மேலே நிற்கிறது.