வட்டி விகிதத்தைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள்: நான் சொல்லிக் கொடுத்த கணக்கைப் பற்றி ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. தறி வைத்திருப்பவர்களும் கடனுக்குச் சரக்கு விற்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் கோமதியம்மன் சன்னதித் தெருவில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். விசைத்தறி வைத்திருக்கிறான். சேலை நெய்து மதுரை, ஈரோடு, எர்ணாகுளம் கடைகளுக்கு அனுப்புகிறான். எர்ணாகுளத்தில் ஒரு கடை மூடிவிட்டது. நாலு லட்சம் பாக்கி நின்றுபோனது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அவன் சொன்ன ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை: "ஓ.டி.தான் மலிவுன்னு நீங்கதான சார் சொல்லித் தந்தீய?"

ஆமாம், நான்தான் சொல்லித் தந்தேன். ஓவர் டிராப்ட் 11 சதவீதம், ஃபேக்டரிங் 13 சதவீதம், எது மலிவு என்று கேட்பேன். 11 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். இன்றும் நம் ஊரில் பலர் இப்படித்தான் கடனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது தவறான கணக்கு. ஏன் என்று அவன் தொழிலையே வைத்துக் காட்டுகிறேன். தொகைகளை மட்டும் முழுமையாக்கியிருக்கிறேன்.

வருடத்துக்கு 60 லட்சம் கடன் விற்பனை. பணம் வர சராசரி 90 நாள். வருடத்தை 360 நாளாக வைத்தால் எந்த நேரத்திலும் 15 லட்சம் வெளியே நிற்கிறது. அதில் 12 லட்சத்தைக் கடனாக எடுக்கிறான். வராக்கடன் விற்பனையில் ஒரு சதவீதம், அதாவது 60,000. வசூலுக்குப் போகவர, ஒரு கணக்குப்பிள்ளை சம்பளம் எல்லாம் சேர்த்து 96,000.

முதலில் ஓ.டி. 12 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி 1,32,000. வருடாந்தரப் புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், பாக்கிப் பட்டியல் தயாரிக்கும் செலவு 12,000. வராக்கடன் 60,000, வசூல் செலவு 96,000. மொத்தம் 3,00,000. வங்கி சொன்னது 11 சதவீதம். அவன் கையிலிருந்து போனது 12 லட்சத்துக்கு 25 சதவீதம்.

அடுத்து ஃபேக்டரிங். இதில் பில்லையே ஃபேக்டரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் 80 சதவீதம் முன்பணம் தருகிறார், அதே 12 லட்சம். வட்டி 13 சதவீதம், 1,56,000. மொத்த விற்பனைக்குக் கமிஷன் 1.5 சதவீதம், 90,000. வாங்கியவர் ஏமாற்றினால் நட்டம் ஃபேக்டருடையது என்ற ஒப்பந்தமானால் வராக்கடன் நமக்கில்லை. ஆகமொத்தம் 2,46,000. வட்டி இரண்டு சதவீதம் கூடுதல். ஆனால் செலவு 54,000 குறைவு!

இங்கேயும் பாடப்புத்தகம் ஒரு பொய்யை ஒளித்து வைத்திருக்கிறது. வசூல் செலவு முழுவதும் மிச்சம் என்று அது எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் கணக்குப்பிள்ளையை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பாதி, அதாவது 48,000 நிற்கும். அப்போது 2,94,000. ஓ.டி.க்கும் இதற்கும் 6,000தான் வித்தியாசம்.

இனி ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை மாற்றுவோம். வாங்கியவர் கொடுக்காவிட்டால் உங்களிடமே திரும்ப வசூலிப்போம் என்று இருக்கிறது என்று வையுங்கள். கமிஷன் ஒரு சதவீதமாகக் குறையும், 60,000. ஆனால் வராக்கடன் 60,000 மறுபடி நம் தலையில். மொத்தம் 3,24,000. இப்போது ஓ.டி.தான் மலிவு. நம் நாட்டில் சிறு தொழிலுக்குக் கிடைக்கும் ஃபேக்டரிங்கில் பெரும்பாலானது இந்த இரண்டாவது வகைதான்.

ஆக, முதலில் கேட்க வேண்டிய கேள்வி வட்டி எவ்வளவு என்பதல்ல. பணம் வராவிட்டால் நட்டம் யாருக்கு? அந்த எர்ணாகுளம் கடை மூடிய வருடத்தில் வராக்கடன் 60,000 அல்ல, 4,00,000. ஓ.டி. கணக்கு 6,40,000 ஆகிவிட்டது. அதோடு முடியவில்லை. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எடுக்கக்கூடிய தொகையும் சுருங்கியது. பணம் வராத மாதத்தில்தான் நூல் வாங்கப் பணம் வேண்டும். அந்த மாதத்தில்தான் ஓ.டி.யும் கையை விரித்தது. வீட்டுப் பத்திரம் மட்டும் உள்ளேயே இருந்தது.

நட்டத்தை ஏற்கும் ஃபேக்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரம்பு வைப்பார்; அதற்கு மேல் நம் பொறுப்பு. சேலையில் சாயம் போகிறது என்று கடைக்காரர் தகராறு செய்தாலும் நம் பொறுப்புதான். அந்த எர்ணாகுளம் கடைக்கு ஒரு லட்சம்தான் வரம்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுகூட நல்ல எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

மூன்றாவது, பில் டிஸ்கவுண்ட். இப்போது போனில் கூப்பிட்டு "வெறும் மூணு பர்சென்ட்தான் சார்" என்கிறார்கள். ஒரு லட்ச ரூபாய் பில், 90 நாள். 3,000 கழிவு, 1,000 கட்டணம், இரண்டையும் முன்னாலேயே பிடித்துக்கொண்டு 96,000 தருவார்கள். 96,000 ரூபாய்க்கு 90 நாளில் 4,000 என்றால் வருடத்துக்கு 16.67 சதவீதம். 60 நாள் பில்லானால் கழிவு 2,000, கட்டணம் அதே 1,000. கையில் 97,000. கணக்குப் போட்டால் 18.56 சதவீதம்! தவணை குறையக் குறைய நிலையான கட்டணம் விலையை ஏற்றும். ஆகவே கழிவை விடக் கட்டணத்தைப் பேரம் பேசுங்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. ரிசர்வ் வங்கி அனுமதியில் 2017 முதல் ட்ரெட்ஸ் என்ற மின்னணு ஏல மேடைகள் இயங்குகின்றன: ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட். உத்யம் பதிவு உள்ள சிறுதொழில் அங்கே பில்லை ஏற்றலாம். வாங்கிய நிறுவனம் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் விலை கேட்கும். அது நம் வீட்டுப் பத்திரத்தை அல்ல, வாங்கியவரின் யோக்கியதையைப் பார்த்து வைக்கும் விலை. வாங்கியவர் கொடுக்காவிட்டாலும் நம்மிடம் திரும்பக் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பெரிய ஜவுளி நிறுவனத்துக்குச் சரக்கு போடுகிறவர்கள், ஆர்டர் எடுக்கும்போதே "ட்ரெட்ஸில் பில்லை ஏற்பீர்களா, வட்டி யார் பொறுப்பு?" என்று கேட்டுவிடுங்கள். சிறு கடைக்காரரிடம் இது நடக்காது. அவருக்கு ஓ.டி. பணத்தில்தான் கடன் கொடுக்கிறோம் என்று தெரிந்து, ஒரு கடைக்கு இவ்வளவுதான் என்று நாமே வரம்பு வைக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: வட்டி, கட்டணம், வராக்கடன், உண்மையிலேயே மிச்சமாகும் வசூல் செலவு. கூட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் பெரிய கடை ஒன்று மூடிவிட்டதாக வைத்து இன்னொரு முறை கூட்டுங்கள். இரண்டாவது கூட்டலைத் தாங்க முடியாத கடன் எந்த வட்டிக்கும் மலிவல்ல.

அந்தக் காலத்தில் 11 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களே, அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னியுங்கள்.

உங்கள் பழைய வணிகவியல் வாத்தியார்,
சங்கரன்கோவில்.