விமானம் நின்றது, புள்ளிகள் பறந்தன: வெகுமதி பற்றை வளர்க்கிறதா?

2019 ஏப்ரல் 17 இரவு, அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குச் சென்ற விமானத்தோடு ஜெட் ஏர்வேஸின் சேவை நின்றுபோனது. கால் நூற்றாண்டாக இந்திய வானில் பறந்த நிறுவனம் அது. ஆனால் அந்நிறுவனத்தின் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஜெட்பிரிவிலேஜ் என்னும் புள்ளித் திட்டம் அன்றிரவு நிற்கவில்லை. அது முன்னரே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, 2014இல் அதன் பெரும்பங்கு அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனத்திடம் சென்றிருந்தது. உறுப்பினர்கள் தம் கணக்கிலிருந்த புள்ளிகளைப் பிற நிறுவனங்களின் பயணச்சீட்டுக்கும் விடுதி அறைக்கும் பயன்படுத்த முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் திட்டத்தின் பெயர் இன்டர்மைல்ஸ் என மாறியது. பெயரிலிருந்தும் ஜெட் இறங்கிவிட்டது.

இந்நிகழ்வு சந்தைப்படுத்தல் துறையின் பழைய கேள்வி ஒன்றைத் தெளிவாக முன்வைக்கிறது. புள்ளி சேர்த்த பயணிகளின் பற்று எதன் மீது இருந்தது? விமான நிறுவனத்தின் மீது எனில், அது மறைந்த பின்னும் திட்டம் எப்படித் தொடர்ந்தது? புள்ளியின் மீது எனில், அதனை விமான நிறுவனத்தின் மீதான விசுவாசம் என்று அழைத்தது சரியா?

தமிழில் இக்குழப்பத்தைத் தவிர்க்க ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'வாடிக்கை' என்பது வழக்கமாகச் செய்வதைக் குறிக்கும். வழக்கமாக வருபவர் வாடிக்கையாளர். அவர் விரும்பி வருகிறாரா, வேறு வழியின்றி வருகிறாரா என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. 'பற்று', 'விசுவாசம்' ஆகியவை மனநிலையைக் குறிப்பவை. ஆலன் டிக், குணால் பாசு ஆகியோர் 1994இல் எழுதிய கட்டுரையின் மையமும் இந்த வேறுபாடே. மீண்டும் மீண்டும் வாங்குவது ஒன்று. அதற்குப் பின்னால் வலுவான சார்புநிலை இருப்பது மற்றொன்று. முதலாவது மட்டும் இருந்தால் அதனை அவர்கள் போலி விசுவாசம் என்றனர். வெகுமதித் திட்டங்கள் வாடிக்கையை உண்டாக்குகின்றன. அதனைப் பற்று என்று கணக்கெழுதுவதில்தான் பிழை தொடங்குகிறது.

வெகுமதிக்கு ஆற்றலே இல்லை என்பதன்று இதன் பொருள். ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் ஆகியோர் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகளை வழங்கிச் சோதித்தனர். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை பெற வேண்டிய வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை வேண்டிய அட்டை. அதில் இரண்டு முன்னரே குத்தப்பட்டிருந்தன. இருசாராரும் இன்னும் எட்டு முறை வர வேண்டியவர்களே. வெற்று அட்டை பெற்றோரில் 19 விழுக்காட்டினர் முடித்தனர். இரண்டு முத்திரையோடு தொடங்கியோரில் 34 விழுக்காட்டினர் முடித்தனர். நிலையத்தின் தரமோ விலையோ மாறவில்லை. ஏற்கெனவே சற்று முன்னேறிவிட்டோம் என்ற உணர்வு மட்டுமே மாறியது.

ரன் கிவெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் காப்பிக்கடை அட்டையை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. இலவசக் காப்பி நெருங்க நெருங்க வாடிக்கையாளர் விரைவாக வந்தனர். வெகுமதியைப் பெற்று அடுத்த அட்டையைத் தொடங்கியதும் வேகம் மீண்டும் குறைந்தது. கடையின் மீதான பற்று வளர்ந்திருந்தால் அந்த வேகம் இவ்வாறு தொடக்கநிலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. விரைந்து முடித்தவர்களே அடுத்த அட்டைக்கும் விரைந்து திரும்பினர் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்கிறது. அதனைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் அது சிலர் இலக்கால் ஆழமாக ஈர்க்கப்படுவதைக் காட்டுகிறதே தவிர, கடையால் ஈர்க்கப்படுவதை மெய்ப்பிக்கவில்லை.

நிறுவன அறிக்கைகளில் வரும் சான்று இதைவிட எளிமையானது: 'உறுப்பினர் அல்லாதோரைவிட உறுப்பினர் அதிகம் வாங்குகின்றனர்.' ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பறக்கிறார்; மற்றவர் நான்கு முறை. எட்டுப் பயணங்கள் திட்டத்தின் பயன் என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் பறப்பவருக்குத்தான் உறுப்பினராவதில் ஆதாயம் உண்டு. அவர் சேர்வதற்கு முந்தைய ஆண்டிலும் பதினொரு முறை பறந்திருந்தால், திட்டத்தோடு தொடர்புபடுத்தத் தக்கது ஒரே ஒரு பயணம். அந்தப் பதினொன்றுக்கும் புள்ளி வழங்கியாக வேண்டும். பைரன் ஷார்ப், ஆன் ஷார்ப் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் ஃப்ளை பைஸ் திட்டத்தை 1997இல் இவ்வகைத் தெரிவுப் பிழையை மனத்திற்கொண்டு ஆராய்ந்தபோது, மீள்வாங்கலில் கிடைத்த கூடுதல் சிறியதாகவும் நிலையற்றதாகவும் இருந்தது.

இந்திய வானிலேயே எதிர்ச்சான்றும் உண்டு. 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, மைல் கணக்கில் புள்ளி தரும் சொந்தத் திட்டம் எதுவுமின்றி 2012இல் உள்நாட்டுப் பயணத்தில் முதலிடம் பெற்றது. பின்னர் வங்கியோடு இணைந்த கடன் அட்டை ஒன்று வந்தாலும், தனக்கென ஒரு புள்ளித் திட்டத்தை அது 2024இல்தான் அறிவித்தது. இதனைக் கொண்டு இண்டிகோ பயணிகள் விசுவாசம் மிக்கவர்கள் என்று முடிவுகட்டுவதும் தவறு. குறைந்த கட்டணமும், அடிக்கடி கிடைத்த விமானங்களும், நேரம் தவறாமையும் அவர்களை வரவழைத்தன. வெகுமதியின்றியும் வாடிக்கை உருவாகும் என்பதே இங்குக் கிடைக்கும் பாடம்.

அவ்வாறாயின் அந்நிறுவனம் பின்னர் ஏன் திட்டத்தைத் தொடங்கியது? அறிவிப்பு வெளியான சூழல் ஒரு குறிப்பைத் தருகிறது: வணிக வகுப்பு இருக்கைகளின் அறிமுகத்தோடு சேர்ந்தே அது வந்தது. வணிகப் பயணத்தில் சீட்டுக்குப் பணம் தருவது அலுவலகம். எந்த விமானம் என்பதில் பெரும்பாலும் பங்கு பெறுவது ஊழியர். புள்ளி சேர்வதும் ஊழியரின் கணக்கில். செலவு செய்பவரும் பயன் பெறுபவரும் வேறாக இருக்கும் இடத்தில் வெகுமதி வலிமையோடு வேலை செய்கிறது. தம் பணத்தில் குடும்பத்தோடு பயணம் செய்பவர் அதே புள்ளியைக் கட்டண வேறுபாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இருவரையும் ஒரே விசுவாச அளவுகோலில் வைக்கும் வினாப்படிவம் எதனை அளக்கிறது என்பதை ஆய்வாளர் முதலில் தெளிவுபடுத்த வேண்டும்.

உறவுச் சந்தைப்படுத்தல் என்னும் தொடரை 1983இல் அறிமுகப்படுத்திய லெனார்ட் பெர்ரி, பின்னாளைய எழுத்துகளில் பணப் பிணைப்பு, சமூகப் பிணைப்பு, கட்டமைப்புப் பிணைப்பு எனப் படிநிலைகளைப் பிரித்தார். பணப் பிணைப்பைப் போட்டியாளர் எளிதில் நகலெடுக்கலாம். அதனால் அது கீழ்ப்படி. இன்றைய திட்டங்கள் பல அக்கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டு, தம் பெயரில் மட்டும் உறவைச் சூடிக்கொள்கின்றன. புள்ளியின் மதிப்பைத் தருபவரே ஒருதலையாகக் குறைக்கவும், காலாவதி நாள் விதிக்கவும் இயலும் என்ற நிலையில், அதனை உறவு என்பதைவிடத் திருத்தத்தக்க ஒப்பந்தம் என்பதே பொருந்தும்.

ஜெட்டின் கதையில் மேற்படிகளும் இருந்தன. பயணியைப் பெயர் சொல்லி வரவேற்ற பணிப்பெண்ணும், தவறவிட்ட இணைப்பு விமானத்துக்கு மாற்று ஏற்பாடு செய்த முகப்பு ஊழியரும் சமூகப் பிணைப்பை உருவாக்கியவர்கள். நிறுவனம் நின்றபோது ஊழியர்கள் பலருக்கு மாதக்கணக்கில் ஊதியம் நிலுவையில் இருந்தது. புள்ளிக்கு எடுத்துச் செல்ல ஒரு கணக்கு இருந்தது. அவர்கள் வளர்த்த நற்பெயரை எடுத்துச் செல்ல எந்தக் கணக்கும் இல்லை.

ஆகவே வெகுமதியின் பயனை ஆராய விரும்பும் மாணவர், திட்டம் நடக்கும்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதோடு நிற்கலாகாது. புள்ளியைச் செலவழித்த மறுமாதம் என்ன நடந்தது, வெகுமதி குறைக்கப்பட்டபோது யார் தங்கினர், திட்டத்தில் சேருமுன் அதே மனிதர் எவ்வளவு வாங்கினார் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகும் மிஞ்சுவது எதுவோ, அதற்கே பற்று என்னும் பெயர் பொருந்தும்.