மே ஒன்றைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாது

(ஆலை வாயிற்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



உணவு இடைவேளையில் கூடியிருக்கிறோம். சங்கு ஊதுவதற்குள் முடித்துவிடுகிறேன். அறிவிப்புப் பலகையில் நிர்வாகம் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையை எல்லோரும் படித்திருப்பீர்கள். இவ்வாண்டு மே 1 வியாழக்கிழமை வருகிறது. வாரத்தின் நடுவே இயந்திரங்களை நிறுத்தினால் உற்பத்தி பாதிக்கப்படும். ஆகவே வியாழனன்று வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தொழிலாளர் நலன் கருதி இந்த ஏற்பாடு என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நம் நலன் அவர்கள் நினைவுக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறைதான் போலும்!

கணக்குப் பார்த்தால் இதில் நட்டம் இல்லை. ஒரு நாளுக்கு ஒரு நாள், ஞாயிறோடு சேர்ந்து இரண்டு நாள் ஓய்வு, ஊருக்குப் போய்வரலாம். அதனால்தான் இளம் தோழர்கள் சிலர், எந்த நாளாக இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும்.

மே 1 சிகாகோ தியாகிகளின் நினைவு நாள் என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தேதிகளைக் கவனியுங்கள். மக்கார்மிக் ஆலை வாயிலில் காவல்துறை சுட்டது 1886 மே 3. ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது மே 4. பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கெல் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டது 1887 நவம்பர் 11. நினைவு நாள்தான் வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றையல்லவா உலகத் தொழிலாளி வர்க்கம் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? மே 1 என்ற தேதி, அந்த இரத்தம் சிந்தப்படுவதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. அதைக் குறித்தவர்கள் தொழிலாளர்கள்.

அதற்கும் முன்கதை உண்டு. 1867இல் இலினாய் மாநில சட்டமன்றம் எட்டு மணி நேரமே சட்டப்படியான வேலைநாள் என்று சட்டம் இயற்றி, மே 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்றது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு பொத்தலும் வைத்தது: வேறு ஒப்பந்தம் இருந்தால் சட்டம் பொருந்தாது. முதலாளிகளுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. நீண்ட நேர வேலைக்கு ஒப்புக்கொள்பவனுக்கே வேலை என்றார்கள். அந்த மே 1 அன்று சிகாகோவில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தது. தனித்தனியாகத் தொழிலாளியிடம் கையொப்பம் வாங்கிப் பொது உரிமையைக் கரைக்கும் வித்தை இன்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல, தோழர்களே. சுற்றறிக்கையின் அடியில் சம்மதப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1884 அக்டோபரில், அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு அதே சிகாகோவில் கூடியது. 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே வேலைநாள் என்று தீர்மானித்தது. பல தொழில்களில் ஆண்டு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் நாளாகவும் மே 1 வழக்கில் இருந்தது. அந்தக் கூட்டமைப்பு அன்று மிகச் சிறியது. தீர்மானத்தைச் செயல்படுத்த அதனிடம் நிதியும் இல்லை, பெரிய படையும் இல்லை. ஒரு தேதி மட்டும் இருந்தது. ஆனால் அந்தத் தேதி ஒன்றரை ஆண்டுக்காலம் ஊர் ஊராக நடந்தது. ஒருவரையொருவர் அறியாத தச்சரும், சுருட்டுத் தொழிலாளியும், இயந்திரப் பணியாளரும் ஒரே நாளுக்காக ஆயத்தமானார்கள். 1886 மே 1, சனிக்கிழமை. அன்றைக்குச் சனிக்கிழமை முழு வேலைநாள். நாடெங்கும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். சிகாகோவில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர்.

இதை உலகுக்குரிய நாளாக்கியது 1889 ஜூலையில் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. பிரெஞ்சுத் தோழர் ரேமோன் லவீஞ் முன்மொழிந்த தீர்மானத்தின் உயிர்நாடியே தேதிதான். எல்லா நாடுகளிலும், எல்லா நகரங்களிலும், குறித்த ஒரே நாளில் தொழிலாளர்கள் எழுந்து எட்டு மணி நேர வேலைநாளைக் கோர வேண்டும் என்றது அது. அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் 1890 மே 1 அன்று மீண்டும் போராட முன்பே முடிவு செய்திருந்ததால், அதே நாள் ஏற்கப்பட்டது.

அந்த 1890 மே 1 என்ன கிழமை தெரியுமா? வியாழக்கிழமை. இன்று நமக்கு முன்னுள்ள அதே கேள்வி அன்றே எழுந்தது. லண்டனில் ஞாயிற்றுக்கிழமையான மே 4க்குத் தள்ளிவைத்தார்கள். ஹைட் பூங்காவில் பெருங்கூட்டம் திரண்டது உண்மை. ஆனால் வியன்னாத் தொழிலாளர்கள் வியாழக்கிழமையே வேலையைவிட்டு வெளியேறி அணிவகுத்தார்கள். ஹாம்பர்க்கில் அன்று வேலைக்குப் போகாதவர்களை முதலாளிகள் கதவடைத்து வெளியே நிறுத்தினார்கள். ஞாயிறன்று ஊர்வலம் போனவரை எந்த முதலாளியும் வெளியே நிறுத்தவில்லை. அவருக்கு அதில் என்ன இழப்பு? வேலைநாளில் இயந்திரம் நிற்பதுதான் அவருக்கு வலிக்கிறது. நம்மவர் யாருக்கும் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லாத அளவுக்கு, நம் நிர்வாகம் அதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது.

மே நாளைத் தடை செய்து பார்த்த அரசுகள் பின்னர் இன்னொரு வழி கண்டன: நாளை இடம் மாற்றுவது. அமெரிக்காவில் 1894இல், புல்மன் ரயில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினமாகச் சட்டமாக்கப்பட்டது. மே 1 பிறந்த நாட்டிலேயே அது விடுமுறை இல்லை. பிரிட்டனில் 1978 முதல் மே மாத முதல் திங்கள் வங்கி விடுமுறை. வார இறுதியோடு ஒட்டிய இன்னொரு ஓய்வு நாள், அவ்வளவே. இங்கே பாரதிய மஸ்தூர் சங்கம் செப்டம்பர் 17, விசுவகர்மா ஜெயந்தியைத் தேசியத் தொழிலாளர் தினம் என்கிறது. திரிபுராவில் பாஜக அரசு 2018இல் அடுத்த ஆண்டின் விடுமுறைப் பட்டியலைத் தயாரித்தபோது, மே 1ஐ அரசு ஊழியர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் விடுப்பாகக் கீழிறக்கியது. தலைமைச் செயலக ஊழியர்கள் தொழிலாளர்களா என்று அன்றைய முதலமைச்சர் கேட்டார். மாற்றுபவர் வேறு வேறு. மாற்றத்தின் நோக்கம் ஒன்றே.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டங்கள், சனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மே 1ஐயும் தேதி சொல்லியே குறிப்பிடுகின்றன. பண்டிகை விடுமுறைகள்தான் பேசி முடிவு செய்யப்படுபவை. சுதந்திர தினத்தைச் சனிக்கிழமை கொண்டாடலாமே என்று எந்த நிர்வாகமாவது சுற்றறிக்கை விட்டதுண்டா? மே ஒன்று அன்று வேலைக்கு அழைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எழுத்துமூல முன்னறிவிப்பு வேண்டும், இரட்டிப்பு ஊதியமோ அன்றைய ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ தர வேண்டும். அது விதிவிலக்கு. ஆலை முழுவதையும் ஒரு படிவத்தால் விதிவிலக்காக்க நாம் துணைபோக முடியாது.

சென்னையில் 1923 மே 1 அன்று தோழர் சிங்காரவேலர் உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் நடத்தியபோது அது விடுமுறை நாளல்ல. செவ்வாய்க்கிழமை.

ஆகவே, சம்மதப் படிவத்தில் யாரும் கையொப்பமிட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அதைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிச் சங்கச் செயலாளரிடம் இன்று மாலைக்குள் தாருங்கள். மொத்தமாக நிர்வாகத்திடம் கொடுத்து ஒப்புகை பெறுவோம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான். வியாழனன்று காலை ஏழு மணிக்கு இதே வாயிலில் கொடியேற்றம்.